‘திரும்பப் பெற்றார்’

ஒரு பிரசன்டேஷனுக்கு நல்ல உதாரணம் தேடிக்கொண்டிருந்தேன். காப்பீட்டு நிறுவனம் ஒன்றின் டேட்டா குழுவில் அப்போது எனக்கு வேலை. க்ளெய்ம் மோசடியைக் கண்டுபிடிக்க நாங்கள் செய்திருந்த மாடலுக்கு இரண்டு வயது ஆகியிருந்தது. அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது என்று மேலிடத்துக்குக் காட்ட வேண்டும். டேட்டாவில், மாடல் கொடுத்த சந்தேக மதிப்பெண் அதிகமாக வந்து கடைசியில் மோசடி என்றும் குறிக்கப்பட்ட க்ளெய்ம்களை வரிசைப்படுத்தினேன். மேலே இருந்தவற்றில் ஒன்று கண்ணில் பட்டது. ஆயிரத்துக்கு 812. எழுநூறைத் தாண்டினாலே விசாரணைப் பிரிவுக்குப் போய்விடும் என்பதுதான் எங்கள் ஏற்பாடு. அப்படியிருக்க 812 என்றால் கேட்கவே வேண்டாம். இதையே ஸ்லைடில் போடலாம் என்று கோப்பைத் திறந்தேன்.

பார்சல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை பார்க்கிற ஒருவரின் பைக் திருட்டுப்போயிருந்தது. பாலிசி எடுத்து 41 நாள்தான் ஆகியிருந்தது. திருட்டு நடந்து ஆறு நாள் கழித்துத்தான் தகவல் சொல்லியிருக்கிறார். பைக் செகண்ட் ஹேண்ட். கையில் பணம் கொடுத்து வாங்கியது, ரசீது கையால் எழுதியது. ஒரே வருடத்தில் மூன்று போன் நம்பர். அவர் கொடுத்த முகவரியில் வேறு பெயர்களில் இன்னும் சில பாலிசிகள், முன்பே இரண்டு க்ளெய்ம்கள். பிரீமியம் மாதத் தவணையில். மதிப்பெண்ணோடு சேர்ந்து வரும் காரணப் பட்டியலில் இவை ஒவ்வொன்றும் இத்தனை புள்ளியைக் கூட்டியது என்று அழகாகக் கோடு போட்டுக் காட்டியிருந்தது. மோசடி பற்றிய எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தருகிற அடையாளங்கள்தான் எல்லாம். புதுப் பாலிசி, தாமதமான தகவல், ரொக்கம், மாறிக்கொண்டே இருக்கும் தொடர்பு எண், பலர் பெயரில் ஒரே முகவரி. ஸ்லைடுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்றுதான் நினைத்தேன்.

கோப்பின் கடைசிப் பக்கத்தில் அவர் கையெழுத்தில் ஒரு கடிதம் ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருந்தது. நான்கு முறை நேரில் வந்துவிட்டதாகவும், ஒவ்வொரு முறையும் வேறு வேறு காகிதம் கேட்கிறார்கள் என்றும், இனி லீவு போட முடியாது, க்ளெய்மை ரத்து செய்துவிடுங்கள் என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே கோப்பை மூடிய குறியீடு. விசாரணையின்போது உரிமைதாரர் திரும்பப் பெற்றார்.

மோசடி என்று அதில் எங்குமே இல்லை.

விசாரணை அதிகாரியை போனில் பிடித்தேன். வயதில் மூத்தவர், இருபது வருடமாகக் களத்தில் இருப்பவர். “சார், இந்தக் கேஸை மோசடின்னு எதை வெச்சு முடிவு பண்ணீங்க?” என்று கேட்டேன். “நான் எங்க முடிவு பண்ணேன்? வாபஸ் வாங்கிட்டாரு, மூடிட்டேன். பொய்யா நிஜமான்னு எனக்கும் தெரியாது தம்பி” என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, “நிஜமாத்தான் இருக்கும்னு தோணுச்சு” என்று சேர்த்துக்கொண்டார்.

டேட்டாவில் மோசடிக்கு 1, இல்லையென்றால் 0 என்று குறிப்போம். அவர் போடவில்லை என்றால் இந்தக் க்ளெய்முக்கு அந்த 1 எங்கிருந்து வந்தது? தேடிப் பார்க்க அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மாடலைப் பழக்குவதற்கான அட்டவணையைத் தயாரிக்கும் நிரலில் இருந்தது.

```sql
CASE WHEN close_code IN
  ('DENIED_FRAUD', 'WITHDRAWN_SIU')
THEN 1 ELSE 0 END AS is_fraud
```

மோசடி என்று நிரூபித்து மறுத்தால் 1. விசாரணையின் நடுவில் ஆள் விலகிக்கொண்டாலும் 1. மற்ற எல்லாவற்றுக்கும் 0. இந்த வரியை எழுதியவர் யார் என்று பார்த்தேன். என் பெயர் இருந்தது.

அந்த வரியை ஏன் எழுதினேன்

எழுதிய நாள் நினைவில் இல்லை. ஆனால் காரணம் நினைவில் இருக்கிறது. மோசடியைக் கற்றுக்கொள்ளும் மாடலுக்கு மோசடியான உதாரணங்கள் வேண்டும். அவை எப்போதுமே குறைவு. நிரூபித்து மறுத்தவை என்று எடுத்தால் கைப்பிடி அளவுதான் தேறும், ஏனென்றால் நிரூபிப்பது கஷ்டம், வழக்கு வரும், அதிகாரிகள் அந்தக் குறியீட்டைப் போடவே தயங்குவார்கள். அந்த அளவை வைத்துப் பழக்கினால் மாடல் நிலையாக நிற்காது. பொய் க்ளெய்ம் போட்டவன் கேமரா பதிவைக் காட்டு என்று கேட்டதும் ஓடிப்போவான் என்பது துறையில் எல்லோரும் சொல்வது, அதில் உண்மையும் உண்டு. அதனால் விலகியவர்களையும் சேர்த்துக்கொண்டேன். உதாரணங்கள் பல மடங்கு கூடின. மாடலின் துல்லியமும் கூடியது போலத் தெரிந்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

விலகிப் போகிறவர் பொய் சொன்னதால்தான் விலகினார் என்ற அனுமானத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சம்பளத்தோடு விடுமுறை கிடைக்கிற ஒருவரை நான்கு முறை நேரில் வரச் சொன்னால் எரிச்சல்படுவார், மேலதிகாரிக்கு மெயில் போடுவார், கடைசியில் பணத்தை வாங்கிக்கொண்டுதான் போவார். நாள்கூலியில் இருப்பவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் வருமானம். நான்காவது முறையில், வரப்போகிற தொகைக்கும் இழந்த நாட்களுக்கும் அவர் கணக்குப் போட்டுப் பார்க்கிறார். விலகுவது அந்தக் கணக்கின் விடை. நாங்கள் அதைக் குற்ற ஒப்புதலாகப் படித்துக்கொண்டோம்.

அந்தக் காரணப் பட்டியலை அன்று மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். புதுப் பாலிசி ஏன்? பழைய பாலிசி ஒரு தவணை தவறியதும் காலாவதியாகியிருந்தது. பணம் கிடைத்ததும் புதிதாக எடுத்திருக்கிறார். பல வருட வாடிக்கையாளர்தான், எங்கள் கணக்கில் 41 நாள். ஆறு நாள் தாமதம் ஏன்? முதலில் தானே தேடியிருக்கிறார், அப்புறம் போலீசுக்குப் போயிருக்கிறார், இடையில் இரவல் வண்டியில் வேலைக்கும் போயிருக்கிறார். ஒரே முகவரியில் பல பாலிசிகள் ஏன்? அறை அறையாக வாடகைக்கு விடும் கட்டடம். போன் நம்பர் மாறுவதற்கு, ரீசார்ஜ் தீர்ந்து நம்பர் போய்விட்டது என்பதைத் தவிர வேறு காரணமே தேவையில்லை. வருமானம் என்ற நெடுவரிசையை நாங்கள் மாடலுக்குக் கொடுக்கவில்லை, அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வோம். கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. மற்ற நெடுவரிசைகள் எல்லாம் சேர்ந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

ஒரு சின்னக் கணக்கு

மாடல் நல்ல மாடல்தான், இந்த ஒரு வரிதானே தப்பு என்று அப்போது குழுவில் ஒருவர் சொன்னார். அவருக்காக வெள்ளைப் பலகையில் ஒரு கணக்குப் போட்டேன். எண்கள் கற்பனைதான், விளங்குவதற்காக.

10,000 க்ளெய்ம்கள் வருகின்றன, அதில் 100 உண்மையிலேயே மோசடி என்று வைத்துக்கொள்வோம். மாடல் அதில் 80-ஐப் பிடித்துவிடுகிறது. நேர்மையான 9,900 பேரில் நூற்றுக்கு ஐந்து பேரைத்தான் தவறாகச் சந்தேகிக்கிறது. கேட்க நல்ல மாடலாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஐந்து சதவீதம் என்பது 495 பேர். ஆக விசாரணைக்குப் போகும் 575 பேரில் 495 பேர் நேர்மையானவர்கள். ஏழு பேரை உட்கார வைத்தால் ஆறு பேர் மேல் தப்பில்லை. மோசடி அரிதாக நடக்கிற வரை எந்த மாடலாலும் இதிலிருந்து எளிதில் தப்ப முடியாது. இதுவரை பெரிய பிரச்சினை இல்லை, விசாரித்தால் தெரிந்துவிடும் என்றுதானே விசாரணை இருக்கிறது.

இப்போது அந்த வரியைச் சேர்ப்போம். உண்மை மோசடி 80-இல் 30 நிரூபிக்கப்படுகிறது, மீதி 50 பேர் கேள்வி கேட்டதும் விலகிவிடுகிறார்கள். நேர்மையான 495 பேரில் ஐந்தில் ஒருவர் அலைச்சல் தாங்காமல் விலகுகிறார், அது 99 பேர். அட்டவணையில் 1 என்று விழுவது 30, 50, 99 ஆக மொத்தம் 179. அதில் பாதிக்கு மேல் நேர்மையானவர்கள். அடுத்த வருடம் மாடல் இதைப் படித்துத்தான் மோசடி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளப் போகிறது. அந்த 99 பேரில் யார் அதிகம் இருப்பார்கள் என்பதை முன்பே சொல்லிவிட்டேன். அவர்களைப் போன்றவர்களின் மதிப்பெண் கூடும், இன்னும் அதிகம் பேர் விசாரணைக்கு வருவார்கள், இன்னும் அதிகம் பேர் விலகுவார்கள்.

இதில் ரொம்ப மோசமான விஷயம், தப்பு நடக்கிறது என்று எந்த அறிக்கையும் காட்டாது. மாடலைச் சோதிப்பதும் அதே 1, 0-ஐ வைத்துத்தான். 812 கொடுத்தோம், அவர் விலகினார், விலகியதால் 1, ஆகவே மாடல் சொன்னது சரி. எதிர்ப்பக்கத்தில், விசாரணைக்கே போகாத க்ளெய்ம் எல்லாம் 0. நல்ல லெட்டர்ஹெட்டில் அச்சடித்த பில்லோடு சேதத்தை ஒன்றரை மடங்காக ஏற்றிக் காட்டுகிறவர் குறைந்த மதிப்பெண்ணோடு மறுநாளே பணம் வாங்கிப் போய்விடுவார், நேர்மையானவர் என்ற பெயரோடு அட்டவணையில் உட்காருவார். யாரும் அவரிடம் எதையும் கேட்காததால் அவரிடம் ஒன்றும் கண்டுபிடிக்கப்படவில்லை.

பதில் வராததையே குற்றமாக எடுத்துக்கொண்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு பழைய கதை உண்டு. அங்கே வேலையிழப்புக் காப்பீட்டுக்கு 2013-இல் மிடாஸ் என்ற கணினி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். டேட்டாவில் முரண்பாடு இருப்பதாகப் பட்டால் அது பயனாளிக்கு ஒரு கேள்வித்தாளை அனுப்பும். பத்து நாளில் பதில் வரவில்லை என்றால் மோசடி என்று தானாகத் தீர்மானித்துவிடும். அதில் பல கேள்விகள் போய்ச் சேர்ந்தது, ஆட்கள் எப்போதோ பார்ப்பதை நிறுத்திவிட்ட இணையக் கணக்குகளுக்கு. வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு அதன் நான்கு மடங்குவரை அபராதமும் கட்ட வேண்டியிருந்தது. பின்னால் மனிதக் கை படாமல் கணினி மட்டும் தீர்மானித்த 22,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மாநிலமே எடுத்துப் பார்த்தபோது 93 சதவீதம் தவறு என்று வந்தது. அங்கே அது அரசு என்பதால் கணக்கு வெளியே வந்தது. தனியார் காப்பீட்டில் விலகிப் போனவர்களின் கோப்புகளை மறுபடி திறந்து பார்க்க யாருக்கும் கட்டாயம் இல்லை.

விலை என்ற அடுத்த வாசல்

அவர் பணத்தையும் வாங்கவில்லை, விஷயம் முடிந்தது என்று நினைத்தால் அதுவும் இல்லை. பல நாடுகளில் நிறுவனங்கள் க்ளெய்ம் விவரங்களைப் பொதுவான தரவுத்தளத்தில் பகிர்ந்துகொள்கின்றன. பணம் கொடுக்காமல் மூடிய க்ளெய்மும் அதில் ஒரு பதிவாக நிற்கலாம். அடுத்த பாலிசிக்கு விலை போடும் மாடல் அதைப் படிக்கும். எங்கள் விலை மாடலிலும் முந்தைய க்ளெய்ம்களின் எண்ணிக்கை என்று ஒரு நெடுவரிசை இருந்தது. கொடுத்த தொகை பூஜ்யம் என்றாலும் எண்ணிக்கை ஒன்று. ஆக அவர் பைக்கையும் இழந்து, இழப்பீட்டையும் விட்டுக்கொடுத்து, அடுத்த வருடம் கூடுதல் பிரீமியமும் கட்டுவார். தவணையில் கட்டுவதற்கு ஒரு கூடுதல், இடையில் பாலிசி விட்டுப்போனதற்கு இன்னொரு கூடுதல்.

விலை போடுகிறவர்களிடம் இதைப் பேசினால் ஒரு பதில் வரும், அதை லேசாக ஒதுக்க முடியாது. தவணை தவறியவர்கள் கூட்டமாகப் பார்த்தால் அதிகம் க்ளெய்ம் செய்கிறார்கள், டேட்டா அப்படித்தான் சொல்கிறது, அவர்களுக்கு விலையைக் குறைத்தால் அந்தப் பாரம் மற்றவர்கள் தலையில் விழும் என்பார்கள். டேட்டா அப்படிச் சொல்லும்தான். அதற்காக எல்லாவற்றையும் விலையில் ஏற்றலாம் என்று ஆகிவிடாது என்று சில இடங்களில் சட்டமே முடிவு செய்திருக்கிறது. வாகனக் காப்பீட்டுக்குக் கடன் மதிப்பெண்ணைப் பார்த்து விலை போடுவது அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் நடக்கிறது, கலிபோர்னியா, ஹவாய், மாசசூசெட்ஸ் விடுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆண், பெண் என்று பார்த்து விலை போடக் கூடாது என்று 2011-இல் நீதிமன்றம் சொன்னது, அங்கேயும் டேட்டா வேறுபாட்டைக் காட்டத்தான் செய்தது. பிரிட்டனில் 2022 ஜனவரியிலிருந்து வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலும் பழைய வாடிக்கையாளருக்குப் புது வாடிக்கையாளரைவிட அதிக விலை சொல்லக் கூடாது. அலைந்து திரிந்து விலை விசாரிக்க மாட்டார் என்று மாடலுக்குத் தெரிந்தவர்களிடம் வருடா வருடம் கூட்டிக்கொண்டே போனதை நிறுத்தத்தான் அந்த விதி. அதற்கும் அபாயத்துக்கும் சம்பந்தமே இல்லை.

மோசடி மதிப்பெண் மேல் இந்த அளவுக்குக் கண் விழவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 ஏ.ஐ. சட்டத்தில், ஆயுள் காப்பீட்டிலும் மருத்துவக் காப்பீட்டிலும் ஆட்களின் அபாயத்தைக் கணித்து விலை போடும் மாடல்கள் அதிக ஆபத்துப் பட்டியலில் இருக்கின்றன. ஒரு பைக் திருட்டு க்ளெய்முக்கு 812 போடுவது அதில் வராது. விலை என்றால் ஒரு எண், இரண்டு பேருக்கு என்ன சொன்னார்கள் என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். மோசடி மதிப்பெண்ணை வாடிக்கையாளரிடம் யாரும் காட்டுவதில்லை. இன்னொரு காகிதம் கொண்டுவாங்க என்ற குரலாகத்தான் அது அவரிடம் போய்ச் சேருகிறது.

மாற்றியதும் மாற்ற முடியாததும்

பிரசன்டேஷன் அன்று அந்த ஸ்லைடைப் போட்டேன், வேறு தலைப்போடு. எதிர்ப்பு நான் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை. நிரலை மாற்றுவதில் யாருக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் மாடலால் இத்தனை சேமித்தோம் என்று காலாண்டுக்கு ஒருமுறை ஒரு எண் மேலே போகும். விலகிய க்ளெய்ம்களின் தொகை முழுவதும் அந்தச் சேமிப்பில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால் எண் பாதியாகச் சுருங்கும். “போன வருஷம் சொன்ன கணக்கு பொய்யான்னு கேப்பாங்களே” என்றார் மேலாளர். அவர் கெட்டவர் இல்லை, கேட்பார்கள்தான்.

கடைசியில் அந்த வரி மாறியது. நிரூபிக்கப்பட்டது, விசாரித்து விடுவிக்கப்பட்டது, தெரியாது என்று மூன்றாகப் பிரித்தோம். விலகியவர்கள் ‘தெரியாது’ பக்கம் போனார்கள், மாடல் அவர்களைப் படிக்காது. உதாரணங்கள் குறைந்தன, மாடலின் மதிப்பெண்கள் கொஞ்சம் மழுங்கின, அதை ஏற்றுக்கொண்டோம். குறைந்த மதிப்பெண் வந்த க்ளெய்ம்களில் நூற்றுக்கு ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து விசாரிக்கவும் அனுமதி வாங்கினோம். விசாரணைப் பிரிவு இதை வெறுத்தது, வேலைப்பளு என்றது. ஆனால் நாங்கள் பார்க்காத பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள வேறு வழி கிடையாது. ஏற்றிக் காட்டிய பில்கள் முதல் மாதமே வந்தன. அப்புறம், விசாரித்து விடுவிக்கப்பட்டவர்களில் தவணைக்காரர்கள் எத்தனை, மொத்தமாகக் கட்டுகிறவர்கள் எத்தனை என்று மாதாமாதம் தனித்தனியாக எண்ணத் தொடங்கினோம். ஒரு கூட்டத்தாரை இரண்டு மடங்கு அழைத்து, அழைத்தவர்களில் விடுவிக்கிற விகிதமும் மற்றவர்களைவிட அதிகம் என்றால் மதிப்பெண் அவர்களைத் தேவையில்லாமல் துரத்துகிறது என்று பொருள்.

நேரில் வரச் சொல்வதை மட்டும் மாற்ற முடியவில்லை. அது எங்கள் குழுவின் கையில் இல்லை. காகிதங்களை முதலிலேயே ஒரே பட்டியலாகச் சொல்லிவிட்டால் பாதிப் பேர் விலக மாட்டார்கள் என்று இன்றும் நினைக்கிறேன். அதற்கு மாடலே தேவையில்லை.

அந்தக் கோப்பைத் திரும்பத் திறக்க ஒப்புக்கொண்டார்கள். கோப்பில் இருந்த மூன்று நம்பர்களிலும் ஆள் கிடைக்கவில்லை. அவர் வேலை பார்த்த பார்சல் நிறுவனத்தில் கேட்டு விசாரணை அதிகாரியே புது நம்பரைப் பிடித்தார். ஆளிடம் பேசியாகிவிட்டது, வருவதாகச் சொல்லியிருக்கிறார், தொடர்பு விவரத்தில் சேர்த்துவிடவா என்று என்னிடம் கேட்டார். சேர்த்தால் ஒரு வருடத்தில் நான்காவது நம்பர், மதிப்பெண் இன்னும் ஏறும். “இப்போதைக்கு உங்க டைரியிலேயே வெச்சிருங்க சார்” என்றேன்.